மாலையில் பயிற்சி செய்பவருக்குக் காலைச் சாப்பாடு எவ்வளவு முக்கியம்?

*வணக்கம். எனக்கு 29 வயது, 58 கிலோ. வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகிறேன். கிழமைக்கு மூன்று நாள், பின்னேரம் 6.45க்கு ஜிம். காலையில் பால் ரீ மட்டும்தான், பசிப்பதில்லை. ஆனால் ஜிம் போன மறுநாள் மட்டும் எழும்பும்போதே வயிறு கடிக்கும். 10.30க்குக் கை நடுங்கத் தொடங்கினால் கன்ரீனில் இரண்டு மீன் ரோல்ஸ் சாப்பிடுவேன். 1 மணிக்குச் சோறு, மீன், பருப்பு. ஜிம் முடிந்து 9 மணிக்கு ஆறு இடியப்பம், ஒரு முட்டை, சொதி, சம்பல். 40 கிலோ ஸ்குவாட் முதல் செட்டில் எட்டு வரும், பிறகு ஏழு, மூன்றாவதில் ஐந்தோடு கால் நின்றுவிடும். காலைச் சாப்பாட்டை விட்டால் கொழுப்புக் குறையும் என்கிறார்கள் ஒபிஸில். சீனி வருத்தத்துக்கு மாத்திரை போடும் அம்மா, சாப்பிடாமல் வெளிக்கிடவே கூடாது என்கிறா. யார் சொல்வது சரி?*
*– வெள்ளவத்தை வாசகி*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் சாப்பாட்டு விவரத்தைப் பார்த்தால், மாற்ற வேண்டிய முதல் வேளை காலை அல்ல, ஜிம் முடிந்து வந்து சாப்பிடும் இரவுச் சாப்பாடு. இரண்டாவது, மதியம் 1 மணிக்கும் மாலை 6.45க்கும் நடுவில் வெறுமையாகக் கிடக்கும் ஐந்தே முக்கால் மணி நேரம். காலைச் சாப்பாடு மூன்றாவதாகத்தான் வருகிறது. அதற்கும் ஒரு வேலை இருக்கிறது, ஆனால் அம்மா நினைக்கும் காரணத்துக்காக அல்ல.

முதலில் அந்த விசித்திரமான பசி. இரவு முழுவதும் சாப்பிடாமல் இருந்தும் காலையில் பசிக்காமல் இருப்பது பெரும்பாலானவர்களுக்கு இயல்பானதுதான். உடலின் உள் கடிகாரமே பசியைக் காலையில் தாழ்த்தி, மாலையில் உயர்த்தி வைக்கிறது. அதோடு பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன், நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பாகவே ஏறப் பழகிக்கொள்கிறது. 7 மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவருக்கு 7 மணிக்கும், உங்களைப் போல 10.30க்குச் சாப்பிட்டுப் பழகியவருக்கு 10.30க்கும் அது தலை தூக்கும். அதனால் 7 மணிக்குப் பசிக்கவில்லை என்பதை வைத்து உடலுக்கு உணவு தேவையில்லை என்று முடிவுகட்ட முடியாது. 10.30க்குப் பசிக்கிறது என்பதும் ஆபத்து அறிகுறி அல்ல.

ஆனால் ஜிம் போன மறுநாள் காலையில் மட்டும் வரும் பசி இந்தக் கணக்கில் அடங்காது. அது முதல் நாள் இரவைப் பற்றிச் சொல்கிறது. கடுமையாகப் பயிற்சி செய்தவுடன் பசி சிறிது நேரத்துக்கு அடங்கிப்போவது பலருக்கும் நடப்பது. கொழும்பின் புழுக்கத்தில் வியர்த்து, பஸ்ஸில் நின்று வீடு வந்து சேரும்போது தண்ணீர்தான் வேண்டியிருக்கும், சோறு வேண்டியிருக்காது. அந்த நேரத்தில் வயிறு கேட்பதை மட்டும் கொடுத்தால் ஆறு இடியப்பத்தோடு முடிந்துவிடும். அடங்கியிருந்த பசி நித்திரைக்குப் பிறகு திரும்பி வருகிறது. ஜிம் இல்லாத நாட்களில் வீட்டாரோடு நேரத்துக்கு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுகிறீர்களா என்று கவனியுங்கள். அப்படியென்றால் மறுநாள் பசிக்காததன் காரணமும் அதுதான்.

இப்போது புரதத்தைக் கணக்குப் பார்ப்போம். பாரம் தூக்கித் தசையை வளர்க்கவோ, இருப்பதைக் காக்கவோ நினைப்பவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது நல்ல இலக்கு. 58 கிலோவுக்கு அது சுமார் 93 கிராம். நீங்கள் எழுதிய நாளில் பால் ரீயில் 3 கிராம், இரண்டு ரோல்ஸில் கூடினால் 10, மதியம் இரண்டு கோப்பைச் சோறு, ஒரு துண்டு மீன், பருப்பு சேர்ந்து 30 அளவில், இரவு ஒரு முட்டையின் 6 கிராமோடு இடியப்பமும் சேர்ந்து 10. எல்லாம் கூட்டினால் 53. இது கண் மதிப்புத்தான், பத்து கிராம் முன்பின் இருக்கலாம். இருந்தாலும் தேவைக்கும் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளி அதைவிடப் பெரியது. அதிலும் தசை திருத்தவேலைக்குக் கட்டாயம் வேண்டிய இரவு வேளையில் கிடைப்பது 10 கிராம்தான். இடியப்பத்தைக் குறை சொல்லவில்லை. அது மாப்பொருள், பயிற்சிக்குப் பிறகு தேவையானதும்கூட. கூட வர வேண்டிய துணைதான் போதவில்லை.

ஆகவே ஜிம் நாளின் இரவை இப்படி அமைத்துப் பாருங்கள். ஜிம்மை விட்டு வெளியே வந்ததும் 300 மில்லிலீற்றர் அளவு தண்ணீர். வீட்டுக்கு வந்து குளிப்பதற்கு முன்பே ஒரு கோப்பை பால் அல்லது ஒரு யோகட். பசி அடங்கியிருக்கும் நேரத்தில் மெல்லும் உணவைவிடக் குடிப்பதும் கரண்டியால் அள்ளுவதும் எளிதாக இறங்கும். அரை மணி நேரம் கழித்து எட்டு இடியப்பம் அல்லது ஒன்றேகால் கோப்பைச் சோறு, அதோடு இரண்டு முட்டை, 75 கிராம் அளவு மீன் அல்லது தண்ணீர் வடித்த டின் மீன். இதில் 33 கிராமுக்குக் குறையாமல் புரதம் வரும். சொதியும் சம்பலும் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றி ஊற்றி வயிற்றை நிரப்பினால் மீனுக்கு இடம் இருக்காது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால், 40 கிராம் உலர்ந்த சோயாமீற்றை ஊறவைத்துப் பிழிந்து சமைத்தால் அதிலேயே 20 கிராம் கிடைக்கும். பருப்பும் தயிரும் சேர்ந்தால் கணக்குச் சரி. இதை மட்டும் செய்தாலே பயிற்சி மறுநாளின் காலைப் பசி குறைய வேண்டும். குறையவில்லை என்றால் மாப்பொருள் இன்னும் போதவில்லை என்று எடுத்து, சோற்றில் அரைக் கோப்பை கூட்டுங்கள்.

அடுத்து ஸ்குவாட். மூன்றாவது செட்டில் கால் நின்றுவிடுவதற்குக் காலையில் சாப்பிடாததுதான் காரணமா? ஓரளவுக்கு இருக்கலாம், முழுவதும் அல்ல. இரவு நித்திரையில் ஈரலில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்துள்ள மாப்பொருள் வெகுவாகக் குறைகிறது, ஏனென்றால் இரத்தத்தில் குளுக்கோஸை விழாமல் வைத்திருப்பது அந்தச் சேமிப்புத்தான். தசைக்குள் இருக்கும் கிளைக்கோஜன் அப்படிக் கரைவதில்லை. காலின் தசை தன் சேமிப்பைத் தானே வைத்துக்கொள்ளும், வேலை செய்தால்தான் செலவாகும். நேற்று இரவு நன்றாகச் சாப்பிட்டிருந்தால் காலையில் எதுவும் சாப்பிடாவிட்டாலும் தொடைத் தசையில் எரிபொருள் இருக்கும்.

ஆனாலும் ஒரு சோதனையின் முடிவு நினைவில் வைத்திருக்க வேண்டியது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் காலைச் சாப்பாட்டுப் பழக்கமுள்ள ஆண்களை ஒரு நாள் சாப்பிட வைத்தும், இன்னொரு நாள் வெறும் வயிற்றில் விட்டும் பார்த்தார்கள். இரண்டு நாளும் மதியம் விரும்பிய அளவு சாப்பிடலாம். மாலை 5 மணிக்குப் பிறகு 30 நிமிட சைக்கிள் பயிற்சியில், காலையில் சாப்பிடாத நாளில் அவர்கள் செய்த வேலை சுமார் 4.5 வீதம் குறைவாக இருந்தது. மதியம் கூடுதலாகச் சாப்பிட்டும் அது ஈடாகவில்லை. 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு இது. ஆட்கள் பத்துப் பேர்தான், எல்லோரும் ஆண்கள், செய்தது சைக்கிள், அதுவும் காலையில் சாப்பிட்டுப் பழகியவர்கள். காலையில் சாப்பிடாமலே பழகிய, பாரம் தூக்கும் உங்களுக்கு அதே 4.5 வீதத்தை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒரு திசையைக் காட்டுகிறது: காலை விட்டதை மதியம் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை மாலைப் பயிற்சியில் சரிவராமல் போகலாம்.

பாரம் தூக்குவதைப் பொறுத்தவரை இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் பயனுள்ளதாகத் தெரிகிறது. பயிற்சி பெற்றவர்களுக்கு ஒரு காலையில் மாப்பொருள் உள்ள உணவும், இன்னொரு காலையில் பார்வைக்கும் வாய்க்கும் உணவுபோல இருக்கும், ஆனால் சத்து ஏறக்குறைய இல்லாத தடித்த கஞ்சிபோன்ற ஒன்றும், மற்றொரு காலையில் வெறும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் குடித்த நாளைவிட மற்ற இரண்டு நாளிலும் ஸ்குவாட் எண்ணிக்கை கூடியது. சத்தில்லாத கஞ்சியும் வேலை செய்தது, அது பசியை அடக்கியதே காரணமாக இருக்கலாம். அதாவது ஒரு மணி நேரப் பாரப் பயிற்சியில் மூன்றாவது செட்டைக் குறுக்குவது தசையில் எரிபொருள் தீர்ந்துபோவது மட்டும் அல்ல, பசியோடு தூக்குவதும்தான். பசித்திருப்பவர் இன்னும் ஓரிரண்டு முறை தூக்க முடிந்தாலும் முன்னதாகவே நிறுத்திவிடுகிறார்.

அப்படிப் பார்த்தால் உங்கள் ஸ்குவாட்டுக்கு மிக அருகில் இருக்கும் குறை, மாலைப் பசிதான். 1 மணிக்குச் சாப்பிட்ட சோறு 6.45க்கு எப்போதோ செரித்துப் போயிருக்கும். 5 மணிக்கு ஒபிஸை விட்டு வெளிக்கிடும் முன் இரண்டு வாழைப்பழமும் ஒரு யோகட்டும் சாப்பிடுங்கள். அல்லது ஒரு முட்டை வைத்த இரண்டு துண்டுப் பாண். 40 முதல் 50 கிராம் மாப்பொருள், கொஞ்சம் புரதம், எண்ணெய் குறைவு என்பதுதான் கணக்கு. 100, 101 பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் நின்று வீடு சேர்ந்து உடுப்பு மாற்றி ஜிம்முக்குப் போகும்போது ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும், அது செரிப்பதற்கு ஏற்ற இடைவெளி. காலிமுகத்திடலில் விற்கும் அவித்த கடலை நல்ல உணவுதான், ஆனால் ஸ்குவாட்டுக்கு முன் வேண்டாம். அதன் நார்ச்சத்து வயிற்றை ஊத வைக்கும், பெல்ட் கட்டிக் குந்தும்போது தொல்லை. பற்றிஸ், கட்லட் வகைகளும் இந்த நேரத்துக்கு ஒத்துவராது. பொரித்த எண்ணெய் வயிற்றிலேயே தங்கி, குனியும்போது நெஞ்செரிவைக் கிளப்பும்.

இனி காலைக்கு வருவோம். ஒபிஸில் சொல்வதைப் பற்றி: இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஆறு கிழமை நடத்திய ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. ஒரு குழு காலை 11 மணிக்குள் 700 கலோரியாவது சாப்பிட்டது, மற்றது மதியம் வரை எதையும் சாப்பிடவில்லை. ஓய்வில் இருக்கும்போது உடல் எரிக்கும் சக்தி இரு குழுவிலும் மாறவில்லை, எடையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. சாப்பிட்டவர்கள் பகலில் கூடுதலாக நடமாடினார்கள், சாப்பிடாதவர்கள் தம்மை அறியாமலே அசைவைக் குறைத்துக்கொண்டார்கள். காலையில் சாப்பிடாவிட்டால் உடலின் எரிப்பு மந்தமாகிவிடும் என்பதும், சாப்பிடாமல் விட்டாலே கொழுப்பு கரையும் என்பதும் இரண்டும் இதில் நிற்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் கொழுப்பு கூடுதலாக எரிவது உண்மை. ஆனால் நாள் முடிவில் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதுதான் எடையைத் தீர்மானிக்கிறது. காலையில் விட்டதை 10.30க்கு இரண்டு ரோல்ஸாக எடுத்தால் விட்டதில் என்ன மிச்சம்? ரோல்ஸில் இருப்பது கோதுமை மா, உருளைக்கிழங்கு, பொரித்த எண்ணெய். மீன் அதில் வாசனைக்குத்தான்.

அதனால் உங்களிடம் 6.30க்குச் சாப்பிடச் சொல்லப் போவதில்லை. பசிக்காதவரை வற்புறுத்தி ஊட்டினால் நான்கு நாளில் கைவிட்டுவிடுவார். முதல் வேளையை உங்களுக்குப் பசிக்கும் 10 மணிக்கே வைத்துக்கொள்ளுங்கள், கைநடுக்கம் தொடங்கும் 10.30 வரை காத்திருக்காமல். அதில் 20 கிராம் புரதம் இருக்கட்டும். நம் வீட்டு அவித்த பயறே போதும். இரவில் 60 கிராம், அதாவது நான்கு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல் பயறை ஊறவைத்து, காலையில் நசியாமல் அவித்தால் ஒரு கோப்பை வரும், அதில் 14 கிராம். ஓர் அவித்த முட்டை சேர்ந்தால் 20. இங்கே பிழைப்பது தேங்காய்ப்பூ. திருகிய தேங்காயை 6.30க்கே பயறோடு கலந்து மூடி வைத்தால் கொழும்பு வெக்கையில் 11 மணிக்குள் புளித்த மணம் வந்துவிடும், வயிறும் கெடும். தேங்காயைத் தனிச் சிறு டப்பாவில் எடுத்துப்போய் ஒபிஸ் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், அல்லது தேங்காய் இல்லாமல் வெங்காயமும் தேசிக்காய்ப்புளியும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயறையும் மூடிய சூடோடு வைக்காமல் ஆறவிட்டுத்தான் டப்பாவை மூட வேண்டும். பயறு பிடிக்காத நாளில் மூன்று துண்டுப் பாணும் இரண்டு முட்டையும் அதே அளவு புரதத்தைத் தரும்.

அந்தப் பால் ரீயைப் பற்றியும் ஒன்று. தேயிலையில் உள்ள கஃபீன் பசியை மறைக்கும், வெறும் வயிற்றில் இரண்டாவது கோப்பையும் சேர்ந்தால் கைநடுக்கத்துக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். 10 மணிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கோப்பைக்கு மேல் வேண்டாம். நடுக்கம் குறையாவிட்டால், அது வரும் நேரத்திலேயே அம்மாவின் குளுக்கோமீற்றரில், புதிய ஊசியால் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே வந்தால் அதை எழுதி வைத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். நீரிழிவு மாத்திரை போடாத ஒருவருக்கு அப்படி இறங்குவது வழக்கம் அல்ல, காரணம் பார்க்கப்பட வேண்டும். பெரும்பாலும் 80க்கு மேல்தான் காட்டும், அப்போது அது வெறும் பசியும் தேயிலையும்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். முதல் இரண்டு கிழமை ஜிம் நாளின் இரவுச் சாப்பாட்டையும் 5 மணிச் சிற்றுணவையும் மட்டும் மாற்றுங்கள். காலை இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் 40 கிலோவின் மூன்று செட்டிலும் எத்தனை வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் எத்தனை மணிக்குப் பசித்தது என்பதையும். ஆறு பயிற்சி நாளில் எட்டு, எட்டு, ஏழு என்று நிலைத்துவிட்டால் உங்கள் குறை இரவிலும் மாலையிலும்தான் இருந்தது. அடுத்த இரண்டு கிழமை 10 மணிப் பயறையும் சேருங்கள், ரோல்ஸுக்குப் பதிலாக, ரோல்ஸோடு அல்ல. எண்ணிக்கை மேலும் கூடினால் முதல் வேளை உங்களுக்கு உதவுகிறது. கூடாவிட்டால், நாளின் புரதக் கணக்குக்காக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம், ஸ்குவாட்டுக்காக அல்ல. மாதவிடாய்க்கு முன்னான ஒரு கிழமை பலருக்குப் பசி கூடும், களைப்பும் வரும். அந்தக் கிழமையின் எண்ணிக்கையை மற்றக் கிழமையோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம், அடுத்த மாதத்தின் அதே கிழமையோடு ஒப்பிடுங்கள்.

விரத நாளில் மதியம் வரை சாப்பிடாமல் இருப்பவரென்றால் அன்று கால் பயிற்சியை வைக்காதீர்கள், வேறு நாளுக்கு மாற்றினால் போதும்.

அம்மா சொல்வது அவருக்குச் சரி. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர், மருந்தைப் போட்டுவிட்டுக் காலையில் சாப்பிடாமல் இருந்தால் குளுக்கோஸ் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மெட்ஃபோமின் மட்டும் எடுப்பவருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு, ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். நீரிழிவு உள்ளவர்களில் காலையை விட்ட நாளில் மதியச் சோற்றுக்குப் பிறகு சீனி இன்னும் உயர ஏறுவதும் உண்டு. நீங்கள் 10 மணிக்குச் சாப்பிடுவதைப் பார்த்து அம்மாவும் தன் நேரத்தைத் தள்ளிவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்ற விரும்பினால் மாத்திரை நேரத்தோடு சேர்த்து அவருடைய வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டும்.